346-க்கு 346, ஆனாலும் ஒரு சீட்டு குறைந்தது

கேள்வி: மண்டபத்தில் நண்டு, கணவாய், இறால் வாங்கி ஆலைகளுக்கு அனுப்பும் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று நாலு இடத்திலும் எடை போட்டதும் டேப்லெட் கணினியில், அதாவது டேப்பில், சீட்டு போடுகிறோம். அது ஆபீஸ் சர்வருக்கு வந்து, இரவு கணக்கு மென்பொருளில் ஏறும். பத்தரைக்கு சர்வரையும் கணக்கையும் ஒப்பிடும் ஒரு ரீகன்சிலியேஷன் தானாக ஓடி மெயில் அனுப்பும். “எல்லாச் சீட்டும் முழுசா ஏறுச்சுன்னு எதை வச்சு நம்புறது? ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க” என்கிறார் ஆடிட்டர். தினமும் `MATCHED` என்று வரும் மெயிலைக் காட்டினால் போதாதா சார்? அக்டோபர் மாத அறிக்கையை இணைத்திருக்கிறேன்.

பதில்: போதாது. ஏன் என்பதற்கு நீங்கள் அனுப்பிய அறிக்கையே சாட்சி. அக்டோபர் 17, வியாழக்கிழமையை எடுத்துக்கொள்வோம். புதன்கிழமை கடலுக்குப் போன ராமேஸ்வரம் விசைப்படகுகள் கரை திரும்பிய நாள், சீட்டும் அதிகம். சர்வரில் 346 சீட்டு, கணக்கில் 346 பதிவு, பக்கத்தில் `MATCHED`. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் தொகை இருக்கிறது: சர்வரில் 18,64,250 ரூபாய், கணக்கில் 18,59,870 ரூபாய். 4,380 ரூபாய் உதைக்கிறது. உங்கள் நிரல் தொகையை அச்சடிக்கிறது, ஆனால் ஒப்பிடவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தாலே `MATCHED` போட்டுவிடுகிறது.

போனில் பேசியபோது, “அந்த 4,380 ரூபாய்ச் சீட்டைத் தேடிப் பார்த்தேன் சார், அப்படி ஒன்றே இல்லை” என்றீர்கள். இருக்காது. அது ஒரு சீட்டின் தொகை அல்ல, இரண்டு தவறுகளின் மிச்சம். பாம்பன் டேப்பின் PB-04433, 11,520 ரூபாய், கணக்கில் ஏறவே இல்லை. மண்டபத்தின் MD-06150, 7,140 ரூபாய், இரண்டு தடவை ஏறியிருக்கிறது. ஒன்று போனது, ஒன்று கூடியது, எண்ணிக்கை 346-லேயே நின்றுவிட்டது. 11,520-இல் 7,140 போக 4,380.

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. பாம்பன் சீட்டில் இருந்தது கிளாத்தி மீன். எடைக்காரர் அன்றுதான் டேப்பில் அந்தப் பெயரைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார். கணக்கு மென்பொருளில் அந்தச் சரக்கின் பெயர் இல்லை, அதனால் அந்த ஒரு பதிவை மட்டும் அது தள்ளிவிட்டது. தள்ளியதைப் பதிவேட்டில் எழுதியும் வைத்திருக்கிறது, அதைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. மண்டபம் சீட்டு போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் திரும்பி வருவதற்குள் இணைப்பு அறுந்தது. அனுப்பிய நிரல் மறுபடி அனுப்பியது. அதே சீட்டு எண் ஏற்கெனவே இருந்தால் மறுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அந்தப் பக்கம் இல்லை.

இதை உடனே பிடித்திருக்கலாம், அதுவும் பெரிய வேலை இல்லாமல். மொத்தத்தை எண்ணாமல் டேப் வாரியாக எண்ணியிருந்தாலே போதும். அன்றைக்கு ராமேஸ்வரம் 142, பாம்பன் 62, மண்டபம் 88, தொண்டி 54. கணக்கில் வந்திருப்பது 142, 61, 89, 54. ஆனால் இரண்டு தவறும் ஒரே டேப்பில் நடந்திருந்தால் டேப் வாரி எண்ணிக்கையும் ஏமாற்றும். அந்த இரண்டு சீட்டும் ஒரே தொகையாகவும் இருந்துவிட்டால் தொகையும் ஏமாற்றும். அதற்காகப் பழைய கணக்கர்கள் செய்த ஒரு வேலை உண்டு: சீட்டு எண்களையே கூட்டி வைப்பது. அந்தக் கூட்டுத்தொகைக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. ஆனால் 40-ஆம் எண் சீட்டு விடுபட்டு 45 இரட்டித்தால் இரு பக்கக் கூட்டலும் ஐந்தில் உதைக்கும். கணினி இருக்கும்போது அதைவிடச் சுலபமான வழி, ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாகத் தேடுவது:

```sql
SELECT s.bill_no, s.amount, COUNT(t.ref_no) AS hits
FROM slips s
LEFT JOIN ledger_entries t ON t.ref_no = s.bill_no
WHERE s.bill_date = '2024-10-17'
GROUP BY s.bill_no, s.amount
HAVING COUNT(t.ref_no) <> 1
    OR SUM(t.amount) <> s.amount;
```

சர்வரில் உள்ள ஒவ்வொரு சீட்டும் கணக்கில் சரியாக ஒரே ஒரு தடவை, அதே தொகைக்கு இருக்கிறதா என்பதுதான் இதன் கேள்வி. இல்லாததை மட்டும் வரிசையாகக் காட்டும். 17-ஆம் தேதிக்கு இரண்டு வரி வந்திருக்கும்: PB-04433-க்கு 0, MD-06150-க்கு 2. எதிர்த்திசையிலும் ஒன்று வேண்டும், சீட்டே இல்லாமல் கணக்கில் முளைத்த பதிவைப் பிடிக்க. ஆனால் ஆடிட்டர் கேட்பது ‘முழுசா வந்ததா’ என்பது. அதற்கு மூலத்திலிருந்து கணக்கை நோக்கித்தான் நடக்க வேண்டும். கணக்கில் இருக்கிற பதிவுகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் சீட்டு இருக்கிறதா என்று எத்தனை நூறு பார்த்தாலும், வராமல் போன சீட்டு கண்ணில் படாது.

சரி, மூலம் எது? இங்கேதான் உங்கள் ஏற்பாட்டில் பெரிய ஓட்டை. நீங்கள் மூலமாக வைத்திருப்பது சர்வர். சீட்டு பிறப்பது டேப்பில், படகுத்துறையில், தராசுக்குப் பக்கத்தில். அங்கிருந்து சர்வருக்கு வருவது ஒரு பயணம், சர்வரிலிருந்து கணக்குக்குப் போவது இன்னொரு பயணம். உங்கள் ரீகன்சிலியேஷன் இரண்டாவதை மட்டும்தான் பார்க்கிறது. டேப்பிலேயே தங்கிவிட்ட சீட்டு சர்வரிலும் இல்லை, கணக்கிலும் இல்லை. இரண்டு பக்கமும் இல்லாத ஒன்றை எந்த ஒப்பீடும் காட்டாது.

23-ஆம் தேதி தொண்டியைப் பாருங்கள். எடைக்காரர் மாலையில் டேப்பை மூடும்போது பிரிண்டரில் வரும் நாள்முடிவுச் சீட்டில் 51 என்று இருக்கிறது. அதன் படத்தை நீங்கள்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். அன்று இரவு பத்தரைக்கு சர்வரில் 49, கணக்கில் 49, `MATCHED`. மீதி இரண்டும் சிக்னல் கிடைத்த பிறகு மறுநாள் காலையில் சர்வருக்கு வந்திருக்கின்றன. 24-ஆம் தேதி இரவு ஓடிய சரிபார்ப்பு 24-ஆம் தேதியிட்ட சீட்டுகளை மட்டும் பார்த்தது. ஆக அந்த இரண்டு சீட்டையும் எந்த இரவும் சரிபார்க்கவில்லை. அவை கணக்கில் ஏறியிருக்கின்றன, அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை ஆடிட்டர் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு மருந்து ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது: அந்த நாள்முடிவுச் சீட்டு. அதில் முதல் எண், கடைசி எண், எண்ணிக்கை, கிலோ, தொகை ஐந்தும் இருக்கின்றன. டேப்பில் சீட்டு எண் இடைவெளி விடாமல் ஒன்று ஒன்றாகக் கூடுகிறது, எடைக்காரரால் அதை மாற்ற முடியாது. அதனால் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பார்த்தாலே எத்தனை சீட்டு வந்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பாம்பனில் 17-ஆம் தேதி 04410 முதல் 04471 வரை, அதாவது 62. மறுநாள் 04472-இல் தொடங்க வேண்டும். 04475-இல் தொடங்கினால் நடுவில் மூன்று எங்கே என்று கேட்க வேண்டும். ரத்தான சீட்டும் ரத்து என்ற குறியோடு சர்வருக்கு வர வேண்டும், எண் மட்டும் காணாமல் போகக் கூடாது. இந்த எண்ணிக்கை சர்வரையோ கணக்கு மென்பொருளையோ கேட்டு வாங்கியது அல்ல, தனியாகப் பிறந்தது. ஆதாரத்துக்கு எடை கூடுவது அதனால்தான். இரண்டு பக்கத்து எண்ணையும் ஒரே நிரல் ஒரே கோப்பிலிருந்து எடுத்தால் அது தன்னையே கண்ணாடியில் பார்த்து ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்வது மாதிரி.

ஆகவே இரவுச் சரிபார்ப்பில் இரண்டு மாற்றம் செய்யுங்கள். நாள்முடிவுச் சீட்டின் ஐந்து எண்ணையும் ஆபீஸில் ஒருவர் தட்டச்சு செய்து, சர்வர் எண்களோடு டேப் வாரியாக ஒப்பிடட்டும். அப்புறம், நிரல் இன்றைய தேதியை மட்டும் பார்க்காமல், இன்னும் மூடப்படாத எல்லாத் தேதியையும் ஒவ்வொரு இரவும் திரும்பப் பார்க்கட்டும். தேதி என்பது எடை போட்ட தேதி, சர்வருக்கு வந்த தேதி அல்ல. மார்ச் 31 இரவு இது முக்கியம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது, அதனால் வருடக் கடைசியில் படகுகள் முழு ஓட்டத்தில் இருக்கும். டேப்பில் தங்கி ஏப்ரல் 1 காலையில் வந்த சீட்டு பழைய வருடத்துக் கொள்முதல்.

ஒரு சின்ன எச்சரிக்கை: நாள்முடிவுச் சீட்டு வெப்பத்தில் அச்சாகும் தாள். படகுத்துறை வெயிலில் ரெண்டு மாதம் கிடந்தால் வெள்ளைத் தாளாகிவிடும். அன்றன்றே நகல் எடுத்து, எடைக்காரர் கையெழுத்தோடு கோப்பில் வையுங்கள். ஆடிட்டர் வரும்போது வெறும் தாளை நீட்ட முடியாது.

அடுத்து, ‘தினமும் ஓடுகிறது’ என்பதற்கு என்ன ஆதாரம்? மெயில் வந்த நாளில் ஓடியது தெரியும். மெயில் வராத நாளில்? இணைப்பு இல்லாமல் மெயில் வரவில்லையா, கரண்ட் போய் நிரலே ஓடவில்லையா, யாராவது நிறுத்தி வைத்தார்களா? உங்கள் அக்டோபர் கட்டில் 29 மெயில்தான் இருக்கிறது. மாதத்துக்கு 31 நாள். அந்த இரண்டு இரவும் என்ன ஆனது என்று நீங்கள் சொல்லவில்லை, ஆடிட்டர் கட்டாயம் கேட்பார். நிரல் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் தொடர் எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஒவ்வொரு பக்கத்திலும் படித்த சீட்டு எண்ணிக்கை, முடிவு எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் ஒரு வரியாக எழுத வேண்டும். 2024-25-க்கு 365 வரி இருக்க வேண்டும். ஓடாத இரவுக்கும் ஒரு வரி: ‘ஓடவில்லை, மறுநாள் காலை கையால் ஓட்டியது’.

சீட்டே இல்லாத நாளிலும் வரி வர வேண்டும். 0-க்கு 0 என்று வந்தால் அதுவும் ஒரு தகவல். தடைக்காலத்தின் 61 நாளும் ராமேஸ்வரம் விசைப்படகுத் துறையில் சுழியாக இருப்பது இயல்பு. ஆனால் தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்காரர்கள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். நீங்கள் நாட்டுப்படகு நண்டும் கணவாயும் வாங்கும் துறையில் மே மாதத்தில் ஒரு வாரம் தொடர்ந்து 0-க்கு 0 என்று வந்தால் அது பொருத்தம் அல்ல. டேப் செத்துக் கிடக்கிறது என்று பொருள். நிரலுக்கு இது தெரியாது, அந்தத் துறையை அறிந்த ஆள் பார்க்க வேண்டும்.

ஆடிட்டர் கடைசியில் நேரம் செலவிடுவது பொருந்தாத இரவுகளில்தான். வருடம் முழுக்க ஒரு வித்தியாசம்கூட வரவில்லை என்றால் நான் ஆடிட்டராக இருந்தால் சந்தேகப்படுவேன். நாலு துறை, அறுந்து அறுந்து வரும் சிக்னல், 365 இரவு, ஒன்றுமே நடக்கவில்லையா? வித்தியாசம் வந்தது, இன்னார் இந்த நேரத்தில் பார்த்தார், காரணம் இது, இந்தப் பதிவு எண்ணில் திருத்தினார், வேறொருவர் சரிபார்த்து மூடினார் என்று ஒரு வரி இருந்தால், அது நூறு `MATCHED` மெயிலுக்குச் சமம். திருத்துபவரும் மூடுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நீங்கள் திருத்தினால் மேலாளர் மூடட்டும். சின்ன ஆபீஸ்தான், ஆனாலும் இரண்டு பேர் இருக்கிறீர்கள்.

குறிப்பின் நடையைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனி தயாரித்துக் கொடுக்கும் தகவலை ஆடிட்டர் பயன்படுத்தும்போது, அது முழுமையானதா, துல்லியமானதா என்று தனியாக ஆதாரம் தேட வேண்டும் என்று தணிக்கைத் தரம் எஸ்ஏ 500 சொல்கிறது. உங்கள் அறிக்கையும் அப்படிப்பட்ட தகவல்தான். அதனால் ‘எங்கள் முறை நம்பகமானது’ மாதிரி வாக்கியங்கள் வேண்டாம். அவர் தானே போய்ப் பார்க்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். மாற்றங்களைச் செய்த பிறகு இப்படி இருக்கலாம்:

> இந்தக் குறிப்பு நான்கு எடைத் துறைகளில் போடப்படும் கொள்முதல் சீட்டு, டேப்பிலிருந்து சர்வருக்கும் சர்வரிலிருந்து கணக்குக்கும் முழுமையாகப் போய்ச் சேர்கிறதா என்பதைப் பற்றியது. டேப்பில் சீட்டு போடாமல் நடந்த கொள்முதலை இந்தச் சரிபார்ப்பு கண்டுபிடிக்காது. சீட்டில் எழுதிய எடையும் விலையும் சரியா என்பதையும் இது சொல்லாது.
>
> முதல் கட்டம்: ஒவ்வொரு டேப்பின் நாள்முடிவுச் சீட்டில் உள்ள முதல் எண், கடைசி எண், எண்ணிக்கை, கிலோ, தொகை ஆகியவை சர்வரில் அதே டேப், அதே தேதிக்கு உள்ளவற்றோடு ஒப்பிடப்படும். முந்தைய நாளின் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணில் இன்றைய சீட்டு தொடங்குகிறதா என்றும் பார்க்கப்படும்.
>
> இரண்டாம் கட்டம்: தினமும் இரவு 10.30-க்கு ஓடும் நிரல், மூடப்படாத எல்லாத் தேதிகளின் சீட்டையும் ஒவ்வொன்றாகக் கணக்கில் தேடும். ஒரு முறைக்கு மேல் இருந்தாலும், இல்லாவிட்டாலும், தொகை மாறினாலும் வித்தியாசப் பட்டியலில் வரும். நிரலின் வரிகள் இணைப்பு 1-இல்.
>
> ஒவ்வொரு ஓட்டத்தின் பதிவும் இணைப்பு 2-இல். ஓடாத இரவுகளும் அவற்றின் காரணமும் அதிலேயே. வித்தியாசங்கள், காரணம், திருத்திய பதிவு எண், திருத்தியவர், மூடியவர் ஆகியவை இணைப்பு 3-இல். இப்போது மூடப்படாமல் இருப்பவை தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன.
>
> நிரலை மாற்றும் அனுமதி மென்பொருள் பராமரிப்பவரிடம் மட்டும் உள்ளது. கணக்குப் பிரிவில் யாருக்கும் இல்லை. அது கடைசியாக மாற்றப்பட்ட தேதியும் மாற்றமும் இணைப்பு 4-இல். அந்தத் தேதிக்கு முன் எண்ணிக்கை மட்டுமே ஒப்பிடப்பட்டது. அந்தக் காலத்துச் சீட்டுகள் புதிய நிரலால் மறுபடி ஓட்டிப் பார்க்கப்பட்டன, முடிவு இணைப்பு 5-இல்.

கடைசி இரண்டு வாக்கியத்தையும் எழுதத் தயங்குவீர்கள், தெரியும். பழைய முறை குறைபாடானது என்று நாமே ஒப்புக்கொள்வதா என்று. எழுதுங்கள். ஆடிட்டர் பெரும்பாலும் 20, 25 இரவைப் பொறுக்கி எடுத்துப் பார்ப்பார், அதில் 17-ஆம் தேதி விழுந்தால் அவரே கண்டுபிடித்துவிடுவார். அதற்கு முன் வருடம் முழுவதையும் நீங்களே ஓட்டிப் பார்த்து, விடுபட்டதும் இரட்டித்ததும் இத்தனை, இவ்வளவு ரூபாய் என்று கொடுத்தால் அவர் வேலையும் குறையும். முதல் கட்டத்தையும் ஏப்ரலிலிருந்து செய்ய முடிந்தால் செய்யுங்கள். நாள்முடிவுச் சீட்டு வெளிறிப்போன மாதங்களுக்கு சர்வரில் எண் தொடர்ச்சியை மட்டும் பார்த்துவிட்டு, அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.

சீட்டே போடாத கொள்முதலைப் பற்றி அவர் அடுத்துக் கேட்பார். டேப்பில் சார்ஜ் தீர்ந்த நாளில் எடைக்காரர் கையால் எழுதும் சிட்டைப் புத்தகம் உங்களிடம் இருக்கும். எண் அச்சிட்ட புத்தகமாக இருந்தால் அதன் தொடர் எண்ணைப் பாருங்கள், சும்மா நோட்டாக இருந்தால் இன்றே மாற்றுங்கள். வாங்கிய கிலோவையும் ஆலைக்கு ஏற்றிய கிலோவையும் வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் உதவும். அது வேறு சோதனை, இந்தக் குறிப்பில் கலக்க வேண்டாம்.

அப்புறம் அந்த இரண்டு சீட்டு. பாம்பன் படகுக்காரருக்கு 11,520 ரூபாய் கொடுத்துவிட்டீர்கள், கொள்முதல் பதிவு இல்லாததால் அவர் கணக்கில் அது முன்பணம் மாதிரி நிற்கும். மண்டபம்காரருக்கு 7,140 ரூபாய் இன்னும் பாக்கி என்று காட்டும். இரண்டு பேர் கணக்கையும் திறந்து பாருங்கள், அப்படித்தான் இருக்கும். திருத்தும்போது பழைய தேதிக்குள் போய் யாருக்கும் தெரியாமல் மாற்றாதீர்கள். திருத்தப் பதிவுக்கு எந்தத் தேதி என்பதை ஆடிட்டரிடமே கேட்டு, PB-04433, MD-06150 என்ற எண்ணும் காரணமும் விவரத்தில் வரும்படி போடுங்கள். ஏப்ரல் 1, 2023 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு தடம் விட வேண்டும் என்று விதி, அதை அணைத்து வைக்கவும் முடியாது. நீங்கள் எந்த நாளில் எதைத் தொட்டீர்கள் என்பதை ஆடிட்டர் அதிலேயே படித்துக்கொள்வார்.